பெட்டிங் கம்பெனிக்கு எழுதுற கடைசிக் கடிதம்: அதுல கதை வேண்டாம், தேதி வேணும்

என்.ஆர்.ஐ. வரிக் கணக்கு பற்றி நம்ம சேனல்ல போட்ட வீடியோவைப் பார்த்துட்டு, இங்கிலாந்துல இருக்கிற ஒரு நண்பர் போன மாசம் ஒரு மெயில் அனுப்பினார். வரி பற்றின கேள்வி இல்லை. அவர் ஒரு ஆன்லைன் பெட்டிங் கம்பெனிக்கு எழுதின கடிதத்தோட நகல். "சார், இனிமே என்னை உள்ளே விடாதீங்கன்னு எழுதியிருக்கேன். சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். அவர் அனுமதியோட, அடையாளம் தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தி இதை எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சேமிப்பை எல்லாம் இழந்த ஒருத்தர் பெட்டிங் கம்பெனிக்கு எழுதுற கடிதம் மன்னிப்புக் கடிதம் இல்லை. புகார் கடிதமும் இல்லை. அது ஒரு நோட்டீஸ். வீட்டு ஓனருக்கு "இந்தத் தேதியில காலி பண்றேன்"னு எழுதிக் கொடுக்கிற மாதிரி. அதுல எவ்வளவு குறைவா எழுதுறோமோ, அவ்வளவு வலு. அதே சமயம், அந்த ஒரு கடிதத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தா அது பாதி வேலைதான்.

முதல்ல கணக்கு

என் தொழில் கணக்குப் பார்க்கிறது. அதனால கடிதத்தைத் தொடுறதுக்கு முன்னாடி அவரோட வங்கி ஸ்டேட்மென்ட்டை வாங்கினேன். "எவ்வளவு போயிருக்கும்?"னு கேட்டேன். "ஒரு 20 ஆயிரம் பவுண்டு இருக்கும் சார்" என்றார்.

26 மாச ஸ்டேட்மென்ட்ல அந்தக் கம்பெனிக்குப் போன பணம் மொத்தம் 61,400 பவுண்டு. அங்கிருந்து திரும்பி வந்தது 23,150 பவுண்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் 38,250. அதுதான் அவர் இழந்த தொகை. அவர் நினைச்சதைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அவர் பொய் சொல்லலை. ஜெயிச்சு வெளியே எடுத்த 23 ஆயிரம் அவர் ஞாபகத்துல பெருசா நின்னுடுச்சு. 20 பவுண்டும் 50 பவுண்டுமா ராத்திரி ராத்திரி உள்ளே போனது நிக்கலை.

அந்த 38,250 எங்கிருந்து வந்தது? சேமிப்பு 19,500. வங்கியில வாங்கின பர்சனல் லோன் 8,000. மீதி 10,750 இந்தியாவுல இருந்த என்.ஆர்.இ. டெபாசிட்டை உடைச்சது. அந்த டெபாசிட்டைப் போட்டு ஒன்பது மாசம்தான் ஆகியிருந்தது. என்.ஆர்.இ. டெபாசிட்டை ஒரு வருஷத்துக்கு முன்னாடி உடைச்சா வட்டி ஒரு பைசா கிடையாது. ஆக அதுவும் போச்சு.

சிலர் கேட்பீங்க, இந்த நஷ்டத்தை வரியில காட்டலாமான்னு. முடியாது. இங்கிலாந்துல சாதாரணமா பந்தயம் கட்டுறவர் ஜெயிச்ச பணத்துக்கு வரி இல்லை. அதனால தோத்த பணத்துக்குக் கழிவும் இல்லை.

இந்தக் கணக்கை ஏன் முதல்ல போடணும்? உண்மையான தொகை தெரியாதவரைக்கும் "இன்னும் கொஞ்சம் ஆடினா சரியாயிடும்"ங்கிற எண்ணம் போகாது. 38,250ஐப் பார்த்ததுக்கு அப்புறம்தான், தன் கணக்குல மிச்சம் இருந்த 212 பவுண்டைப் பற்றி அவர் வாயைத் திறந்தார். அதை எடுக்காம கணக்கை மூட மனசு வரலையாம். கூடவே முடிவு வராத ஒரு கால்பந்து பந்தயம், 20 பவுண்டு இலவச பெட். இந்த மூணுக்காக மூணு வாரமா கடிதத்தை அனுப்பாம வெச்சிருந்தார். அந்த மூணு வாரத்துல போனது மட்டும் 1,900 பவுண்டு.

அவர் எழுதின கடிதத்துல என்ன பிரச்சினை

அவரோட கடிதம் மூணு பக்கம். வேலைப் பளு, தனிமை, அப்பாவோட அறுவை சிகிச்சை, பொண்ணோட படிப்பு, எல்லாம் இருந்தது. படிக்கிறப்போ கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா அதைப் படிக்கப் போறது ஒரு கஸ்டமர் சர்வீஸ் ஊழியர். அவருக்கு அதுல இருந்து எடுக்க வேண்டியது ஒரே ஒரு கட்டளை. அது ரெண்டாவது பக்கத்துக் கடைசியில, "தயவுசெய்து என் அக்கவுன்டை குளோஸ் பண்ணிடுங்க"ன்னு இருந்தது.

இங்கேதான் முதல் சிக்கல். பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள கம்பெனிகள்ல விலகுறதுக்கு மூணு வழி இருக்கு, மூணும் வேற வேற. ஒண்ணு டைம் அவுட். 24 மணி நேரத்துல இருந்து அதிகபட்சம் 6 வாரம் வரைக்கும் ஓய்வு, அவ்வளவுதான். ரெண்டாவது சாதாரணமா கணக்கை மூடுறது. ஆப் பிடிக்கலை, ஆர்வம் இல்லைன்னு மூடுற மாதிரி. மறுபடி திறக்கணும்னா பெரிய தடை இருக்காது. மூணாவதுதான் செல்ஃப் எக்ஸ்க்ளூஷன், தமிழ்ல சுய விலக்குன்னு வெச்சுக்கலாம். இதுதான் ஒழுங்குமுறை ஆணையமான கேம்ப்ளிங் கமிஷனோட லைசென்ஸ் விதிகள்ல வர்றது. குறைஞ்சது 6 மாசம். அதுக்குள்ள நீங்களே கெஞ்சினாலும் அவங்க திறக்கக் கூடாது.

"குளோஸ் பண்ணுங்க"ன்னு மட்டும் எழுதினா ரெண்டாவது வழியில போயிட வாய்ப்பு இருக்கு. "சூதாட்டப் பிரச்சினை இருக்கு, அதனால சுய விலக்கு கேட்கிறேன்"னு அந்த வார்த்தைகளையே எழுதினா மூணாவது வழியைத் தவிர வேற வழி அவங்களுக்கு இல்லை. அந்த வார்த்தையை எழுத அவருக்கு வெட்கம். புரியுது. ஆனா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சட்ட வலு. மத்த மூணு பக்கத்துக்கும் இல்லை.

ரெண்டாவது சிக்கல், அதே கடிதத்துல "என் பணத்துல பாதியாவது திருப்பித் தாங்க"ன்னு கேட்டிருந்தார். பணம் கேட்கிறது தப்புன்னு நான் சொல்லலை. கம்பெனி தன் கடமையைச் செய்யாம விட்டிருந்தா புகார் கொடுக்கலாம். ஆனா அது வேற கடிதம். புகாருக்குப் பதில் சொல்ல கம்பெனிக்கு 8 வாரம் அவகாசம். அதுக்கு அப்புறம்தான் வெளியில இருக்கிற தீர்வு அமைப்புக்குப் போகலாம். சுய விலக்கோ இன்னைக்கே நடக்க வேண்டியது. ரெண்டையும் ஒரே தாள்ல கட்டினா, அவசரமான வேலை மெதுவான வேலையோட வரிசையில போய் நிக்கும். அதைவிட முக்கியமா, "பணம் வருமா"ன்னு காத்திருக்கிற மனசு அந்தக் கம்பெனியோட இருக்கிற உறவை முறிக்காது.

மூணாவது சிக்கல் நம்ம ஊர்க்காரங்களுக்கே உரியது. பெயர். நமக்கு சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட்ல அப்பா பெயர் சர்நேம் ஆயிடும். வங்கியில இனிஷியல் பின்னாடி போயிடும். வேலை இடத்துல பெயரைச் சுருக்கி வெச்சிருப்பாங்க. இவருக்கு அந்தக் கம்பெனியில ஒரு கணக்கு தன் பெயர் முன்னால வர்ற மாதிரி, அதே குழுமத்தோட இன்னொரு பிராண்டுல அப்பா பெயர் முன்னால வர்ற மாதிரி. மெயில் ஐடி ரெண்டு, பழைய வீட்டு முகவரி ஒண்ணு. தடுக்கிற முறை எல்லாமே பெயர், பிறந்த தேதி, முகவரி, மெயில், போன் நம்பர் இதையெல்லாம் ஒப்பிட்டுத்தான் வேலை செய்யுது. ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தா இன்னொரு கதவு திறந்தே இருக்கும்.

திருத்தின கடிதம்

கம்பெனி தளத்துலயே சுய விலக்குக்கு ஒரு பட்டன் இருக்கும். அதை முதல்ல அழுத்திடுங்க, அது உடனே வேலை செய்யும். அப்புறம் எதுக்குக் கடிதம்? பட்டன்ல கேட்க முடியாததைக் கேட்கவும், கையில ஒரு ஆதாரம் இருக்கவும். கடிதம் ஆங்கிலத்துலதான் போச்சு. அதோட சாரத்தை இங்கே தமிழ்ல தர்றேன்:

> தேதி: (நாள், மாதம், வருடம், நேரம்)
>
> பொருள்: சூதாட்டப் பிரச்சினை காரணமாக நிரந்தர சுய விலக்கு
>
> எனக்குச் சூதாட்டப் பிரச்சினை உள்ளது. ஆகவே உங்கள் நிறுவனத்தில் இருந்து நிரந்தரமாக சுய விலக்கு கோருகிறேன். நிரந்தரம் உங்கள் முறையில் இல்லை என்றால், உங்களிடம் உள்ள மிக நீண்ட காலத்துக்குப் பதிவு செய்யுங்கள். அது எந்தத் தேதி வரை என்று எழுதித் தெரிவியுங்கள்.
>
> இந்தக் கோரிக்கை உங்கள் குழுமத்தின் எல்லா பிராண்டுகளுக்கும், இணையம், ஆப், தொலைபேசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.
>
> என் விவரங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்; வங்கிக் கணக்கில் உள்ள பெயர்; உங்களிடம் நான் பயன்படுத்திய வேறு பெயர் வடிவங்கள்; பிறந்த தேதி; இப்போதைய முகவரி, பழைய முகவரி; எல்லா மெயில் ஐடிகள்; எல்லா போன் நம்பர்கள்; எனக்குத் தெரிந்த யூசர் பெயர்கள்.
>
> என் கணக்கில் உள்ள மீதியை நான் பணம் செலுத்திய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். முடிவு வராத பந்தயத்தை எப்படித் தீர்ப்பீர்கள் என்று எழுதுங்கள். போனஸ், இலவச பெட் எதுவும் வேண்டாம்.
>
> மெயில், குறுஞ்செய்தி, தபால், போன் உட்பட எல்லா விளம்பரத் தொடர்பையும் நிறுத்துங்கள்.
>
> என் முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம். பிற்காலத்தில் நானே கேட்டாலும் இந்தக் கடிதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.
>
> இது பதிவானதை எழுத்து மூலம் உறுதி செய்யுங்கள்.

அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட இல்லை. இதுல மூணு விஷயத்துக்குக் காரணம் சொல்லணும்.

மீதி 212 பவுண்டு. சுய விலக்கு எடுத்தவரோட கணக்கை மூடி, அதுல இருக்கிற பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு விதியே இருக்கு. அதனால "முதல்ல பணத்தை எடுத்துட்டு அப்புறம் எழுதுறேன்"னு காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பணம் எடுக்கத்தான் உள்ளே போறேன்னு போனவர் எடுக்காம வெளியே வந்த கதையைத்தான் அந்த 1,900ல பார்த்தோம்.

விளம்பரம். சுய விலக்குக் கோரிக்கை கிடைச்சதுல இருந்து ரெண்டு நாளுக்குள்ள விளம்பரப் பட்டியல்ல இருந்து பெயரை எடுக்கணும். இவருக்கு ஒன்பதாவது நாள், அதே குழுமத்தோட இன்னொரு பிராண்டுல இருந்து "உங்களை மிஸ் பண்றோம், இதோ இலவச பெட்"னு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கடிதத்துல தேதியும் நேரமும் இருந்ததால புகார் நாலே வரியில முடிஞ்சது. அந்த பிராண்டுல வேற பெயர் வடிவத்துல இருந்த கணக்கு அப்போதான் பிடிபட்டு மூடப்பட்டது. அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து பார்க்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் பட்டது.

நிரந்தரம். இதை நேர்மையா சொல்லணும். விதி கேட்கிறது குறைஞ்சது 6 மாசம்தான். நீண்ட காலம் கேட்கலாம், பல கம்பெனிகள் கொடுக்கவும் செய்யுது. ஆனா "சாகுற வரைக்கும்"னு கேட்கிற உரிமை விதியில எழுதி இல்லை. அதனாலதான் கடிதத்துல "இல்லைன்னா மிக நீண்ட காலம், எந்தத் தேதி வரை"ன்னு ரெண்டாவது வரி. இவருக்கு 5 வருஷம்னு பதில் வந்தது, முடியுற தேதியோட.

ஒரு கம்பெனியை மட்டும் மூடினா போதுமா?

போதாது. இதை நான் சொல்றதைவிட ஒரு வழக்கு நல்லா சொல்லும்.

கிரஹாம் கால்வர்ட் என்பவர் இங்கிலாந்துல ஓட்டப்பந்தய நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து நல்லா சம்பாதிச்சவர். 2006ல அவர் வில்லியம் ஹில் கம்பெனிக்குப் போன் பண்ணி, தன்னை விலக்கி வைக்கச் சொன்னார். 6 மாசத்துக்குத் திறக்க முடியாதுன்னு போன்ல சொல்லியும், உள்ளே அது சரியா நடைமுறைக்கு வரலை. அவர் மறுபடி ஆடினார். அந்த வருஷ ரைடர் கோப்பை கோல்ஃப்ல அமெரிக்கா ஜெயிக்கும்னு ஒரே பந்தயத்துல 3,47,000 பவுண்டு கட்டித் தோத்தார். மொத்த இழப்பு 20 லட்சம் பவுண்டுக்கு மேல. வழக்குப் போட்டார்.

2008ல நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? விலக்கி வைக்கிறோம்னு ஒப்புக்கிட்ட கம்பெனி அதைச் செய்யலை, அது தப்புதான். ஆனாலும் நஷ்டஈடு கிடையாது. ஏன்னா, இந்தக் கம்பெனி கதவை மூடியிருந்தாலும் அவர் வேற கம்பெனியில போய் அதே மாதிரி அழிஞ்சிருப்பார்னு நீதிபதி முடிவுக்கு வந்தார். அப்பீல் நீதிமன்றமும் அதே வருஷம் டிசம்பர்ல அதையே உறுதி செஞ்சது.

இந்தத் தீர்ப்பு கடுமையானதுதான். எனக்கு முழு உடன்பாடும் இல்லை. ஆனா அதுல இருக்கிற நிஜத்தை மறுக்க முடியாது. ஒரு கடை மூடினா அடுத்த கடை இருக்கு. அதனால அந்தக் கடிதம் அனுப்புற அன்னைக்கே இன்னும் மூணு கதவை மூடணும்.

முதல் கதவு கேம்ஸ்டாப். 2018ல ஆரம்பிச்ச இலவச சேவை. 2020 மார்ச் 31ல இருந்து பிரிட்டிஷ் லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் கம்பெனியும் இதுல சேர்ந்தாகணும். ஒரே பதிவுல எல்லாத்துலயும் தடை. 6 மாசம், 1 வருஷம், 5 வருஷம்னு தேர்வு. 5 வருஷம் முடியும்போது தானாகவே புதுப்பிக்கிற தேர்வும் இருக்கு. காலம் முடிஞ்சாலும் நீங்க கேட்டாத்தான் தடை நீங்கும். முழுசா அமலுக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். இங்கேயும் அதே பெயர் விஷயம். எல்லா மெயிலையும், போன் நம்பரையும், பழைய முகவரியையும் சேர்த்துக் கொடுங்க. வீடு மாறினா போய் மாத்துங்க.

கேம்ஸ்டாப்புக்கு ரெண்டு எல்லை இருக்கு. தெருவுல இருக்கிற பெட்டிங் கடைகளுக்கு இது பொருந்தாது, அதுக்குத் தனித் திட்டம். பிரிட்டிஷ் லைசென்ஸ் இல்லாத வெளிநாட்டுத் தளங்களுக்கும் பொருந்தாது. "நாங்க கேம்ஸ்டாப்ல இல்லை"ங்கிறதையே விளம்பரமா போடுற தளங்கள் இருக்கு. தன்னைத் தடுத்துக்க முயற்சி பண்றவரைத் தேடிப் பிடிக்கிற வலை அது. அந்த வரியை எங்கே பார்த்தாலும் மூடிட்டு வெளியே வாங்க.

ரெண்டாவது கதவு வங்கி. அங்கே பல வங்கி ஆப்ல சூதாட்டப் பரிவர்த்தனையைத் தடுக்கிற சுவிட்ச் இருக்கு. அணைச்சா உடனே திறக்காது, சில வங்கியில 48 மணி நேரம் காத்திருக்கணும். அந்த 48 மணி நேரம்தான் அதோட மதிப்பே. கிரெடிட் கார்டுல சூதாட 2020 ஏப்ரல்ல இருந்தே அங்கே தடை. இவர் என்ன பண்ணினார்? பர்சனல் லோன் வாங்கி, அதை டெபிட் கார்டுல கட்டினார். அதனால டெபிட் கார்டு சுவிட்ச்தான் முக்கியம். எத்தனை வங்கிக் கணக்கு இருக்கோ அத்தனையிலும்.

மூணாவது கதவு போனும் லேப்டாப்பும். வெளிநாட்டுத் தளங்களைத் தடுக்க கேம்பான் மாதிரி தடுப்பு மென்பொருள் வேணும்.

இந்த மூணையும் ஒரே சாயங்காலம் செஞ்சு முடிச்சிடலாம். முடிச்சதும் ஒவ்வொண்ணோட உறுதி மெயிலையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. அது உங்க ரசீது. அங்கே கேம்கேர் நடத்துற தேசிய உதவி எண் 0808 8020 133. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க. கதவு மூடுறது ஆடாம இருக்கத்தான். ஆடணும்னு தோணுற மனசுக்கு இந்த மாதிரி ஆளுங்ககிட்டதான் பேசணும், என்கிட்ட இல்லை.

கடனை அடைக்கிறதுக்கு முன்னாடி கடிதம்

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். நண்பரோட திட்டம் என்னவா இருந்தது தெரியுமா? ஊர்ல அப்பா பேர்ல இருக்கிற மனையை வித்து, முதல்ல 8,000 பவுண்டு லோனை அடைக்கிறது. "கடன் போயிட்டா நிம்மதி ஆயிடும், அப்புறம் ஆடவே தோணாது சார்" என்றார்.

நான் அதை ஒத்துக்கலை. எல்லாக் கதவும் மூடின உறுதி மெயில் கையில வர்ற வரைக்கும், குடும்பத்துப் பணம் ஒரு ரூபாய்கூட இவர் கணக்குக்கு வரக் கூடாது. கடன் அடைஞ்ச உடனே என்ன ஆகும்? லோன் வாங்குற தகுதி திரும்ப வரும், கையில கொஞ்சம் பணம் மிஞ்சும், மனசு லேசாகும். மறுபடி ஆட ஆரம்பிக்க வேற என்ன வேணும்? வரிசை இப்படித்தான் இருக்கணும்: கதவு, கணக்கு, கடன். கடனுக்கு மனை விக்கத் தேவையே இல்லைன்னும் தெரிஞ்சது. மாசம் பெட்டிங்குக்குப் போனது சராசரியா 1,470 பவுண்டு. 38,250ஐ 26ஆல வகுத்துப் பாருங்க. அது நின்னாலே லோன் தவணை தாராளமா கட்டலாம்.

இன்னொண்ணு. கடிதத்தோட நகலை மனைவிக்கும் அனுப்பச் சொன்னேன். நாலு நாள் பதில் இல்லை. அப்புறம், "சொல்லிட்டேன் சார். டெபாசிட்டை உடைச்சது அவங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். நானா சொல்லணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தாங்களாம்"னு ஒரு மெயில். நான் குடும்ப விஷயத்துல அறிவுரை சொல்ற ஆள் இல்லை. ஆனா கணக்கு ரீதியா சொல்றேன். ஒரே ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச தடையை அந்த ஒருத்தரே நீக்கிட முடியும். ரெண்டு பேருக்குத் தெரிஞ்ச தடையை அவ்வளவு சுலபமா நீக்க முடியாது. கம்பெனியோட விதியைவிட இது எனக்கு உறுதியாப் படுது.

இந்தியாவுல இருக்கிறவங்களுக்கு

இந்தக் கடிதத்தை அப்படியே காப்பி பண்ணி இங்கே அனுப்பாதீங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துறதே இங்கே குற்றம். அதனால இன்னைக்கு உங்ககிட்ட பந்தயம் வாங்குற தளம் எங்கேயோ வெளிநாட்டுல உட்கார்ந்திருக்கிற சட்டவிரோதத் தளம். சுய விலக்கு விதி எதுவும் அவங்களைக் கட்டாது. பெயர், பாஸ்போர்ட், பழைய முகவரின்னு எல்லா விவரத்தையும் அவங்களுக்கு எழுதிக் கொடுக்கிறது ஆபத்தும்கூட. இங்கே கடிதத்துக்குப் பதில் வேற வேலைகள்: ஆப்பை நீக்குறது, பணம் போற யு.பி.ஐ. கணக்குல தினசரி வரம்பைக் குறைக்கிறது, சம்பளக் கணக்கை வீட்ல இன்னொருத்தர் பார்வைக்குக் கொண்டு வர்றது. பேசணும்னு தோணினா டெலி மானஸ், 14416.

கடைசியா ஒரு வேண்டுகோள். இதைப் படிச்சிட்டு "எனக்கும் இதே நிலைமை"ன்னு கமென்ட்ல உங்க பெயரையோ நம்பரையோ போடாதீங்க. "விட்டதை மீட்டுத் தர்றோம்"னு சொல்றவங்க அந்தக் கமென்ட்களுக்காகவே காத்திருக்காங்க. மெயில் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, உள்ளே போனது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவுன்னு ரெண்டே ரெண்டு கூட்டல் போட்டு வைங்க. கழிச்சா வர்ற எண்ணை ஒரு தாள்ல எழுதி வெச்சுட்டு கடிதத்தை எழுத உட்காருங்க. அதுல எதை எழுதக் கூடாதுன்னு அந்த எண்ணே சொல்லிடும்.